படுத்தாளா, கிடத்தினாளா? லை–லே, ரைஸ்–ரெய்ஸ் குழப்பம்

கேள்வி: சேர், ஹட்டன் பக்கம் பழைய துரை பங்களா ஒன்றை ஹோட்டலாக்கி நடத்துகிறார்கள், அங்கே வேலை செய்கிறேன். தலைவலி என்று சொன்ன கெஸ்ட் ஒருவரிடம் "யூ கேன் லே டவுன்" என்றேன். அது பிழை, "லை டவுன்" என்று சொல்ல வேண்டும் என்றார் மேனேஜர். அடுத்த நாள் லொக் புத்தகத்தில் "த கெஸ்ட் லை டவுன் யெஸ்டர்டே" என்று எழுதினேன். அதையும் வெட்டிவிட்டு "லே டவுன்" என்று போட்டார். நேற்றுப் பிழையாக இருந்த சொல் இன்றைக்கு எப்படிச் சரியானது? ரைஸ், ரெய்ஸ் இரண்டிலும் எனக்கு இதே தடுமாற்றம்தான்.

பதில்:

மேனேஜர் இரண்டு தடவையும் சரியாகத்தான் திருத்தியிருக்கிறார். ஆங்கிலத்தில் லே என்ற உருவத்தில் இரண்டு சொற்கள் இருக்கின்றன. ஒன்று, ஒரு பொருளைக் கிடத்துவது, விரிப்பது, வைப்பது என்ற பொருள் தரும் லே. மற்றது, படுப்பது, கிடப்பது என்ற பொருள் தரும் லை என்ற சொல்லின் இறந்தகாலம். இரண்டுக்கும் எழுத்து எல்-ஏ-ஒய், ஒலியும் ஒன்றே. கெஸ்ட்டிடம் நீங்கள் சொன்னது முதலாவது லே. அவரிடம் எதையோ கிடத்தச் சொன்ன மாதிரி ஆகிவிட்டது. லொக் புத்தகத்தில் மேனேஜர் எழுதியது இரண்டாவது. நேற்று அவர் படுத்தார், அவ்வளவுதான்.

இதைப் பிடித்துக்கொள்ள நாம் வெளியே எங்கும் போக வேண்டியதில்லை. இந்த வேறுபாடு தமிழில் நமக்குப் பிறந்ததிலிருந்தே பழக்கம். மடுவத்தில் நிறுவை நடக்கும்போது "கூடை இறங்கியது" என்று யாராவது சொல்வார்களா? "கூடையை இறக்கினாள்" என்பார்கள். பஸ்ஸிலிருந்து அவள் "இறங்கினாள்", கூடையை "இறக்கினாள்". தானாகச் செய்வது இறங்கு, வேறொன்றைச் செய்ய வைப்பது இறக்கு. எழும்பு–எழுப்பு, ஏறு–ஏற்று, உயர்–உயர்த்து, கிட–கிடத்து எல்லாம் இதே கணக்கு. பள்ளிக்கூடத்தில் தன்வினை, பிறவினை என்று படித்தது இதைத்தான். பரீட்சை முடிந்ததும் பெயரை மறந்துவிடுகிறோம், ஆனால் வாய் மறப்பதில்லை. "பிள்ளை எழுப்பினாள்" என்று சொல்லிவிட்டு அவளே தூக்கத்திலிருந்து எழுந்ததாக யாரும் விளங்கிக்கொள்ள மாட்டார்கள். யாரை எழுப்பினாள் என்றுதான் கேட்பார்கள்.

ஆங்கிலத்திலும் ஒரு காலத்தில் இந்த மாதிரி ஜோடிகள் நிறைய இருந்தன. இன்றைக்கு மிஞ்சியிருப்பவை சில. லை என்றால் கிட, படு. லே என்றால் கிடத்து, வை. ரைஸ் என்றால் எழு, உயர், ஏறு. ரெய்ஸ் என்றால் எழுப்பு, உயர்த்து, தூக்கு. சிட், செட் என்பதும் இதே குடும்பம்தான். நிகழ்காலத்தில் காதே வழி காட்டிவிடும்: "ஐ" ஒலி உள்ள லை, ரைஸ் இரண்டும் தானாக நடப்பவை, "ஏ" ஒலி உள்ள லே, ரெய்ஸ் இரண்டும் இன்னொன்றைச் செய்பவை. இந்த ஒரு ஒலிக் குறிப்பை வைத்தே பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

மீதிப் பாதிதான் உங்களைத் தடுக்கி விழ வைத்தது. இறந்தகாலத்துக்குப் போனதும் அந்தக் குறிப்பு கைவிட்டுவிடுகிறது. உருவங்களை ஒரு தரம் வரிசையாகப் பாருங்கள்.

லை (படு, கிட): இன்று லை, நேற்று லே, முடிந்துவிட்டது என்று சொல்லும்போது லெய்ன்.
லே (கிடத்து, வை): இன்று லே, நேற்று லெய்ட், முடிந்துவிட்டதும் லெய்ட்.
ரைஸ் (எழு, உயர்): ரைஸ், ரோஸ், ரிஸன்.
ரெய்ஸ் (எழுப்பு, உயர்த்து): ரெய்ஸ், ரெய்ஸ்ட், ரெய்ஸ்ட்.

தானாக நடக்கும் லை, ரைஸ் இரண்டும் உள்ளே இருக்கும் உயிரொலியை மாற்றித்தான் இறந்தகாலம் காட்டுகின்றன. பிறவினையான லே, ரெய்ஸ் இரண்டும் மற்றப் பெரும்பாலான வினைச்சொற்களைப் போல வாலில் ஒரு "ட்" ஒட்டிக்கொள்கின்றன. (லெய்ட் என்பதை எல்-ஏ-ஐ-டி என்று எழுத வேண்டும், நடுவில் ஒய் வராது.) இது தற்செயல் இல்லை. ஆங்கிலம் பிறந்த ஜெர்மானியக் குடும்பத்தில் பிறவினைச் சொல்லைப் பெரும்பாலும் மூலச் சொல்லின் இறந்தகால உருவத்தை ஒட்டித்தான் செய்தார்கள். பழைய ஆங்கிலத்தில் படுப்பதற்கு லிட்ஜன், கிடத்துவதற்கு லெட்ஜன் என்று இரண்டும் காதுக்கு வேறாகவே இருந்தன. ஆனால் காலப்போக்கில் ஒலிகள் தேய்ந்து, லெட்ஜன் இருந்த இடத்திலும் லே, "படுத்தான்" என்ற இடத்திலும் லே என்று வந்து நின்றுவிட்டது. ரெய்ஸ் மட்டும் ஸ்கண்டிநேவியாவிலிருந்து வந்தவர்கள் பேசிய நோர்ஸ் மொழியிலிருந்து வந்து சேர்ந்தது. அது ரோஸ் என்ற இறந்தகாலத்தோடு மோதாமல் தப்பிவிட்டது. அதனால்தான் ரைஸ்–ரெய்ஸ் ஜோடியில் பிழை விடுகிறவர்களைவிட லை–லே ஜோடியில் விடுகிறவர்கள் அதிகம்.

இதே பொறி ஆங்கிலத்தில் இன்னொரு இடத்திலும் இருக்கிறது. மரம் விழுந்தது என்றால் ஃபெல். மரத்தை வெட்டி வீழ்த்து என்பதற்கும் ஃபெல். அந்த வீழ்த்தும் ஃபெல்லுக்கு நேற்று ஃபெல்ட். காற்றில் யூகலிப்டஸ் மரம் ரோட்டில் விழுந்தால் ஃபெல், தோட்டத்து ஆட்கள் ரம்பம் கொண்டுபோய் விழுத்தினால் ஃபெல்ட். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் லே–லெய்ட் கணக்கும் பிடிபடும்.

சரி, எழுதும்போது எப்படிச் சரிபார்ப்பது? நான் மாணவர்களிடம் சொல்வது இரண்டே கேள்வி. முதலாவது, "எதை? யாரை?" என்று கேளுங்கள். வாக்கியத்தில் அதற்குப் பதில் இருந்தால் லே, ரெய்ஸ் பக்கம். பதில் இல்லையென்றால் லை, ரைஸ் பக்கம். இதில் ஒரு எச்சரிக்கை. இரண்டாம் வேற்றுமை "ஐ" உருபு கண்ணுக்குத் தெரிகிறதா என்று மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவீர்கள். நாம் பேச்சில் அதை விட்டுவிடுவோம்: "கை தூக்கினாள்", "கொடி ஏற்றினார்கள்". உருபு மறைந்திருந்தாலும் எதைத் தூக்கினாள் என்ற கேள்விக்குக் கை என்ற பதில் இருக்கிறது. ஆகவே ரெய்ஸ்.

இரண்டாவது, இறந்தகால வாக்கியமாக இருந்தால் அதை முதலில் "நாளை" ஆக்குங்கள். நாளை என்றால் வில் வரும், அதற்குப் பின்னால் சொல்லின் மூல உருவம்தான் நிற்கும், குழப்பம் வராது. "நாளை கெஸ்ட் படுப்பார்": எதை என்ற கேள்விக்குப் பதில் இல்லை, ஆகவே வில் லை. லையின் நேற்று லே. முடிந்தது. "நாளை மேசை விரிப்பைப் போடுவேன்": எதை? விரிப்பை. ஆகவே வில் லே. லேயின் நேற்று லெய்ட். நேரே நேற்றுக்குப் பாயாமல் இப்படி நாளை வழியாகச் சுற்றிப் போனால் சறுக்காது.

இப்போது முழுதாக ஒன்றைச் செய்து பார்ப்போம். தோட்டத்தில் ஒருவருக்கு மயக்கம் வந்தால், என்ன நடந்தது என்று ஆங்கிலத்தில் நாலு வரி எழுதித் தரச் சொல்லும் இடங்கள் உண்டு. அந்த நாலு வரிக்குள் இந்த நான்கு சொற்களும் வந்து நிற்கும். தமிழில் இப்படி வைத்துக்கொள்ளுங்கள்:

"வெயில் ஏறிய பிறகு அக்காவுக்குத் தலை சுற்றியது. கூடையை இறக்கி வைத்தாள். படங்கை நிலத்தில் விரித்து அதில் படுத்தாள். நாங்கள் பார்க்கும்போது அரை மணித்தியாலமாகக் கிடந்திருந்தாள். கங்காணி கையைத் தூக்கிக் கூப்பிட்டார். நாங்கள் அவளைத் தூக்கிக்கொண்டு போய் மடுவத்துப் பெஞ்சில் கிடத்தினோம். காலைக் கொஞ்சம் உயர்த்தி வைத்தோம். பிறகு அவளாகவே எழும்பினாள்."

வெயில் ஏறியது, சூரியன் மேலே வந்தது. யாரும் அதை ஏற்றவில்லை. ஆகவே ரைஸ். தலை சுற்றும் முன்பே நடந்து முடிந்தது என்பதால் "த சன் ஹேட் ரிஸன்".

கூடையை இறக்கி வைத்தாள். எதை என்று கேட்டால் கூடையை, ஆகவே லெய்ட் என்று எழுதப் பார்ப்பீர்கள். இலக்கணப்படி தப்பில்லை. ஆனால் ஆங்கிலேயர் வாயில் வருவது "ஷீ புட் ஹர் பாஸ்கட் டவுன்". லே என்பதற்குள் கொஞ்சம் நிதானமும், கிடையாக வைப்பது என்ற வாடையும் இருக்கிறது. பாய், துணி, செங்கல், கைக்குழந்தை, மேசைமேல் கத்தியும் முள்ளும் ஆகியவற்றுக்கு லே பொருந்தும். தண்டவாளம் போடுவதும் லேதான். பதுளை வரை 1924 இல் லைன் வந்து சேர்ந்ததைச் சொல்லும்போது லெய்ட் என்றே எழுதுவார்கள். நிமிர்ந்து நிற்கும் கூடை, வாளி, கோப்பை இவற்றைக் கீழே வைப்பதற்குப் புட் போதும். பாடப்புத்தகங்கள் எல்லாவற்றுக்கும் லே போட்டுப் பயிற்சி தந்துவிடுவதால் நம் பிள்ளைகள் கோப்பையைக்கூட லே செய்கிறார்கள்.

படங்கை விரித்து அதில் படுத்தாள். இந்த ஒரு வரி கிடைத்தால் போதும், மற்றதெல்லாம் விளங்கிவிடும். எதை விரித்தாள்? படங்கை. ஆகவே லெய்ட். எதைப் படுத்தாள் என்று கேட்கவே முடியாது. ஆகவே லையின் நேற்று, லே. "ஷீ லெய்ட் ஹர் சாக் ஆன் த கிரவுண்ட் அண்ட் லே ஆன் இட்." இரண்டையும் இடம் மாற்றிப் பாருங்கள், காது உடனே முரண்டும்.

அரை மணித்தியாலமாகக் கிடந்திருந்தாள். விதிப்படி "ஷீ ஹேட் லெய்ன் தேர்". லெய்ன் என்ற உருவத்தை ஆங்கிலம் தாய்மொழியானவர்களே பேச்சில் அபூர்வமாகத்தான் சொல்கிறார்கள். "ஷீ ஹேட் பீன் லையிங் தேர் ஃபார் ஹாஃப் அன் அவர்" என்று சுற்றிக்கொண்டு போய்விடுவார்கள். நீங்களும் அப்படியே எழுதுங்கள், யாரும் குறை சொல்ல முடியாது. லையிங் என்பதை எழுதும்போது ஐ-ஈ போய் ஒய் வரும்: எல்-ஒய்-ஐ-என்-ஜி. கோழி முட்டையிடும் லேயிங் வேறு, அதில் ஏ இருக்கும். கோழியைப் பற்றிச் சொல்லும்போது முட்டை என்ற சொல்லையே விட்டுவிட்டு லேயிங் என்று மட்டும் சொல்வதும் உண்டு. அங்கே எதை என்பதற்குப் பதில் கோழிக்குத் தெரியும், நமக்கும் தெரியும்.

கங்காணி கையைத் தூக்கினார்: ரெய்ஸ்ட். அக்காவைத் தூக்கிக்கொண்டு போனோம் என்பதற்கு ரெய்ஸ்ட் போடாதீர்கள். பாரத்தைத் தரையிலிருந்து தூக்குவது லிஃப்ட், தூக்கிக்கொண்டு போவது கேரி. உர மூட்டைக்கும் லிஃப்ட்தான். ரெய்ஸ் என்பது இருக்கிற ஒன்றின் உயரத்தை, அளவைக் கூட்டுவது: கை, கொடி, குரல், விலை, சம்பளம். நம் "தூக்கு" என்ற ஒரே சொல் இந்த இரண்டு வேலையையும் பார்ப்பதால்தான் இங்கே சறுக்கல் வருகிறது.

பெஞ்சில் கிடத்தினோம்: யாரை? அவளை. "வீ லெய்ட் ஹர் ஆன் த பெஞ்ச்." காலை உயர்த்தினோம்: "வீ ரெய்ஸ்ட் ஹர் லெக்ஸ் அ லிட்டில்." கடைசியில் அவளாகவே எழும்பினாள். விதிப்படி ரோஸ். எழுத்தில் அழகாக இருக்கும், ஆனால் கொஞ்சம் பழைய காலத்துக் கனம் அதில் உண்டு. படுக்கையிலிருந்தோ பெஞ்சிலிருந்தோ மனிதர் எழும்புவதற்கு அன்றாடப் பேச்சில் "காட் அப்". ரைஸ் இன்றைக்கு நன்றாகப் பொருந்துவது சூரியன், புகை, நீர்மட்டம், காய்ச்சல், விலை இவற்றுக்குத்தான். ஊர், மலைகளுக்கும் இந்தச் சொற்கள் வரும்: நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1868 மீற்றர் உயரத்தில் "லைஸ்", பக்கத்திலேயே பிதுருதலாகலை 2524 மீற்றர் வரை "ரைஸஸ்". கெஸ்ட்டுக்கு வழி சொல்லும்போது இரண்டும் உதவும்.

ரைஸ்–ரெய்ஸில் உங்களுக்கு வரும் தடுமாற்றம் பெரும்பாலும் சம்பளம், விலை பற்றிய பேச்சில்தான் வரும் என்று நினைக்கிறேன். விலை ஏறியது: "த பிரைஸ் ரோஸ்". கடைக்காரர் விலையை ஏற்றினார்: "ஹீ ரெய்ஸ்ட் த பிரைஸ்". யார் ஏற்றினார் என்று சொல்ல விரும்பாவிட்டால் "த பிரைஸ் வாஸ் ரெய்ஸ்ட்". இந்த "வாஸ்" என்பதற்குப் பின்னால் ரிஸன் வராது, ஏனென்றால் தானாக ஏறியதை யாரும் ஏற்றியதாகச் சொல்ல முடியாது. "ரைஸ்ட்" என்று ஒரு சொல்லே இல்லை. நம் பக்கத்தில் அடிக்கடி காதில் விழுகிறது, ஆனாலும் இல்லை. 2021 இல் தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 1000 ரூபாய் ஆனதை எடுத்துக்கொள்ளுங்கள். சம்பளம் 1000 ஆக உயர்ந்தது என்றால் ரோஸ். சம்பள நிர்ணய சபை அதை 1000 ஆக உயர்த்தியது என்றால் ரெய்ஸ்ட். எந்தச் சொல்லைப் போடுகிறோம் என்பதில், உயர்த்தியவருக்கு வாக்கியத்தில் இடம் கொடுக்கிறோமா இல்லையா என்பதும் அடங்கியிருக்கிறது. பத்திரிகைகளில் விலைகள் மட்டும் எப்போதும் தாமாகவே "உயர்ந்துகொண்டிருப்பதை" கவனித்திருப்பீர்கள்.

பெயர்ச்சொல்லாக வரும்போது பிரித்தானிய வழக்கு "பே ரைஸ்", அமெரிக்க வழக்கு "ரெய்ஸ்". நமது நாட்டுக் கந்தோர்களில் இரண்டையும்விட இன்கிறிமென்ட் என்ற சொல்தான் ஓடுகிறது. கடிதத்தில் எழுத வேண்டி வந்தால் பிரித்தானிய வழக்கைப் பின்பற்றுங்கள், ஆனால் வினைச்சொல்லில் இரு நாட்டாரும் ஒன்றே: முதலாளி ரெய்ஸ் செய்வார், சம்பளம் ரைஸ் ஆகும்.

மேனேஜர் திருத்தியதைப் பற்றி வருத்தப்படவும் வேண்டாம். ஆங்கிலேயரும் அமெரிக்கரும் "ஐ ஆம் கோயிங் டு லே டவுன்" என்று வீட்டில் தாராளமாகச் சொல்கிறார்கள். லே என்பதைப் படு என்ற பொருளில் பயன்படுத்துவது 14ஆம் நூற்றாண்டிலிருந்தே இருக்கிறது. அதைப் பிழை என்று இலக்கணக்காரர்கள் கண்டிக்கத் தொடங்கியது 1770 அளவில்தான். ஆகவே பேச்சில் தவறினால் கெஸ்ட் யாரும் கவனிக்கக்கூட மாட்டார். லொக் புத்தகம், கடிதம், சாதாரண தரப் பரீட்சை என்று எழுத்தில் வரும்போது மட்டும் விதியைக் காப்பாற்றினால் போதும். பேச்சில் நான் அஞ்சுவது இன்னொரு பிழைக்குத்தான். லே பிழை என்று ஒரு தடவை திட்டு வாங்கியவர்கள் பயத்தில் "ஹீ லைட் ஆன் த பெட்" என்று சொல்லிவிடுவார்கள். லையின் நேற்று லைட் ஆவது பொய் சொன்ன சமயத்தில் மட்டும்தான். கட்டிலில் கிடந்தபடி பொய் சொன்னார் என்று கெஸ்ட்டைப் பற்றி எழுதிவைத்தால் அது நிச்சயமாகக் கவனிக்கப்படும்.

ஒலியைப் பற்றியும் ஒரு வார்த்தை. ரைஸ், ரெய்ஸ் இரண்டிலும் கடைசி ஒலி தமிழ் "ஸ்" இல்லை. தேனீ ரீங்காரம் போலத் தொண்டை அதிரும் ஒலி, ஆங்கிலத்து இஸட். நாம் அதை வெறும் "ஸ்" ஆக்கிவிடுவதால் "பிரைஸஸ் ரைஸ்" என்று சொல்லும்போது கேட்கிறவருக்குச் சோறு ஞாபகம் வரும், கையை ரெய்ஸ் பண்ணச் சொன்னால் ஓட்டப்பந்தயம் ஞாபகம் வரும். விரலைத் தொண்டையில் வைத்துச் சொல்லிப் பாருங்கள். கடைசி ஒலியில் அதிர்வு தொடர்ந்தால் சரி, காற்று மட்டும் சீறினால் அது அரிசி.